நட்சத்திரமும் தீர்ப்பும்



தென் தமிழகக் கரையிலிருந்து இரண்டு பெரிய நாவல்கள் வந்தன. இரண்டையும் எழுதியவர் ஜோ டி குருஸ். 2004இல் வந்த 'ஆழி சூழ் உலகு', ஒரு பரதவர் கடற்கரை ஊரின் மூன்று தலைமுறை வாழ்வைச் சொல்கிறது. 2009இல் வந்த 'கொற்கை' தூத்துக்குடி நகரத்தையும் தோணி வணிகத்தையும் பேசுகிறது. அதற்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இன்று நாம் முதல் நாவலை வைத்து ஒரு கேள்வியைப் பேசுவோம். ஒரு நாவலுக்கு வாசகர் இடும் நட்சத்திரமும் அந்த நாவலின் தகுதி பற்றிய தீர்ப்பும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

நட்சத்திரம் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை முதலில் பார்ப்போம். குட்ரீட்ஸ் தளம் தன் நட்சத்திரங்களுக்குப் பொருள் சொல்லியிருக்கிறது. ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்தது, ஐந்து என்றால் அற்புதம். எல்லாமே வாசகரின் மனநிலையைச் சொல்பவை. நாவல் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்று வாசகர்களைக் கற்பனை செய்துகொள்வோம். உள்நாட்டு மாவட்டத்து மாணவி ஒருத்திக்குக் கடற்கரை வழக்கு புரியவில்லை, இரண்டு போடுகிறாள். மணப்பாட்டு இளைஞன் ஒருவன் தன் தாத்தாவின் பேச்சை முதன்முறை அச்சில் பார்க்கிறான், ஐந்து போடுகிறான். மூன்றாமவருக்கு ஆசிரியரின் அரசியல் பிடிக்கவில்லை, ஒன்று போடுகிறார். கூட்டிச் சராசரி எடுத்தால் 2.67. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மொழிப் பழக்கத்தையும், ஒருவர் சொந்த ஊரையும், ஒருவர் ஆசிரியரையும் அளந்திருக்கிறார்கள். நூறாவது பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதுவும் போடாமல் போனவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

தீர்ப்பு வேறு வழியில் போகிறது. இந்த நாவல் என்ன செய்ய முனைந்தது, அதற்கு எந்த வழியைக் கையாண்டது, அந்த வழி வேலை செய்ததா என்று கேட்கிறது. மாணவியின் குறையையே எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் காற்றுக்கு ஒரே பெயர் இல்லை. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நான்கையும் அழித்துவிட்டுக் 'காற்று' என்று எழுதினால் படிக்க எளிதாகும். ஆனால் கட்டுமரத்தை இறக்கலாமா, பாயை எப்படி விரிக்கலாம் என்று முடிவெடுக்க மீனவனுக்கு அங்கே எதுவும் மிஞ்சாது. ஆகவே இந்த இடத்தில் வழக்கு கதைக்கு வேலை செய்கிறது. வேறொரு பக்கத்தில் வழக்குச் சொற்கள் வெறும் நிறத்துக்காகக் குவிந்திருந்தால் அதைக் குறையாகச் சொல்ல வேண்டும், பக்கத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். "ஒரு சாதியின் உலகை உள்ளிருந்து சொல்லும் இந்த நாவலில், அந்தக் கரையில் உழைத்த மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்?" என்ற நம்முடைய கேள்விக்கும் அதே விதிதான்.

இரண்டும் எவ்வளவு விலகி நிற்க முடியும் என்பதை 2014 காட்டியது. தேர்தல் நேரத்தில் ஜோ டி குருஸ் நரேந்திர மோடியை ஆதரித்து எழுதினார். 'ஆழி சூழ் உலகு' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்த வ. கீதா தன் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றார். சாதி ஒழிப்பு நூல்களை வெளியிடும் நவயானா பதிப்பகம் அந்தப் பதிப்பைக் கைவிட்டது. அப்போதும் வ. கீதா நாவலின் சிறப்பை மறுக்கவில்லை. நாவல் பெரியது என்றார். ஆனாலும் ஆசிரியரின் இந்த நிலைப்பாட்டுக்குப் பிறகு தன் மொழிபெயர்ப்பு வெளிவர அனுமதிக்க முடியாது என்றார்.

அவர் முடிவை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இந்த அரங்கிலேயே இருக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது அதன் வடிவத்தை. நூலின் தகுதி ஒரு தீர்ப்பு. அதனோடு தன் பெயர் சேரலாமா என்பது இன்னொரு தீர்ப்பு. இரண்டுக்கும் அவர் தனித்தனியே காரணம் சொன்னார். அதனால்தான் நாம் ஒன்றை ஏற்று மற்றதை மறுத்து அவரோடு வாதிட முடிகிறது. அவர் வெறுமனே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் நாவல் மோசம் என்று பொருளாகியிருக்கும். ஐந்து போட்டிருந்தால் அவருடைய எதிர்ப்பு காணாமல் போயிருக்கும்.

இது நம் நூல்களுக்கும் பொருந்தும். எழுதியவரின் சாதியைப் பார்த்து ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலடியாக நாம் படிக்காமலே ஐந்து போடுகிறோம். சராசரி சற்று ஏறும். ஆனால் பாடத்திட்டக் குழுவில் ஒரு தலித் நாவலை "இலக்கியத் தரம் இல்லை" என்று ஒருவர் ஒதுக்கும்போது, அந்தச் சராசரி நமக்காக ஒரு வார்த்தை பேசாது. அங்கே கைகொடுப்பது, இந்த அத்தியாயம் இதைச் செய்கிறது, இந்த இடத்தில் தவறுகிறது என்று நம்மில் யாரோ எழுதி வைத்த இரண்டு பக்கம்தான். பிடித்ததா என்று கேட்டால் நட்சத்திரம் போடுங்கள், அது உங்கள் உரிமை. அந்த இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.