கால அட்டவணையைக் கையாளும் முறை
(அஸ்தம்பட்டியில் நம் ஜமாஅத் நடத்தும் ஓராண்டுப் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் ஆசிரியர் ஆற்றிய உரை)



உங்களிடம் தந்துள்ள அட்டவணை குரூப் 4 தேர்வை ஒட்டியது. அதில் வினாக்கள் 200. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. ஆதலால் வாரத்தில் மூன்று நாள் தமிழுக்கும், இரண்டு நாள் பொது அறிவுக்கும், ஒரு நாள் திறனறிவுக்கும் ஒதுக்கியுள்ளோம். விடுபட்டதை முடிப்பதற்காகவே ஞாயிறு வெறுமையாக உள்ளது.

ஒவ்வோர் இரவும், திட்டமிட்டதன் எதிரே உண்மையில் படித்ததை எழுதுங்கள். செவ்வாயன்று மூன்று பாடம் எனக் குறித்து இரண்டே முடிந்தால், ‘இரண்டு’ என்றே எழுதுங்கள். மீதியைப் புதன்கிழமையில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் புதனின் பாடமும் தள்ளிப்போய், வார இறுதிக்குள் அட்டவணையே கைவிடப்படும். அதை ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

தொடர்ந்து இரண்டு ஞாயிறுகளில் பாக்கி தீரவில்லையெனில், நாம் வகுத்த அளவு மிகுதி என்று பொருள். உறக்கத்தைக் குறைக்காதீர்கள். அட்டவணையை என்னிடம் கொண்டு வாருங்கள். மூன்று பாடத்தை இரண்டாகக் குறைத்து எழுதுவோம். ஓராண்டு இருப்பதால் அதற்கு இப்போது இடமுண்டு. கடைசி மாதத்தில் இராது.