ஏன் படிக்கிறேன்: தனக்குத் தானே எழுதும் ஒரு பக்கம்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த கல்வி அமர்வில் ஆற்றிய உரை)



இன்று நாம் சிறிய விஷயம் ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பெரிய தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, எதற்காகப் படிக்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் தன் கையால் எழுதி வைத்து, மனம் சோர்ந்த நாளில் எடுத்துப் படிப்பது. அதை எப்படி எழுதினால் உதவும், எப்படி எழுதினால் உபத்திரவமாகும் என்பதே நம் பேச்சு.

எஸ்.டி.பி.எம். தேர்வை எடுத்துக்கொள்வோம். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை வருடப் படிப்பு. எஸ்.பி.எம். முடித்த உற்சாகத்தில் ஆறாம் படிவத்துக்குள் நுழைகிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கூட்டாளிகளில் சிலர் மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட பிறகும் இவள் மட்டும் பள்ளியிலேயே நிற்கும்போதுதான் "இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அந்த இரவில் பதில் தேடக் கூடாது. மனம் தெளிவாக இருந்த நாளில் எழுதிய பதில் கையில் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நம் பினாங்கிலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க விரும்பும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். படிவம் தொடங்கிய வாரத்தில் அவள் இப்படி எழுதுகிறாள்: "நான் 4.00 எடுக்க வேண்டும். மருந்தாளராக வேண்டும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பெருமை சேர்க்க வேண்டும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பருவ முடிவு 2.75 என்று வந்த இரவில் இதே தாளை எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முதல் வரியே குத்திக்காட்டும். மூன்றாவது வரி அதைவிடக் கூடுதலாகக் குத்தும். தாங்கிப் பிடிக்க எழுதிய தாள் குற்றப்பத்திரிகையாகிவிடும். அதில் இருப்பது மதிப்பெண்ணும் பிறர் எதிர்பார்ப்பும்தான். மதிப்பெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே சரிந்துவிடும்.

அவளையே கொஞ்சம் உட்கார வைத்து, "மருந்தாளர் வேலை உனக்கு எப்போது பிடித்துப்போனது?" என்று கேட்டால் வேறு கதை வரும். அதைத்தான் எழுத வேண்டும். இப்படி:

"நன்னிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்து வைப்பது நான்தான். ஒருமுறை கிளினிக்கில் கொடுத்ததும் மருத்துவமனையில் கொடுத்ததும் வேறு வேறு பெயரில் இருந்தன. மருந்தகத்தில் இருந்த அக்கா பெட்டிகளைத் திருப்பிப் பார்த்து, இரண்டும் ஒரே மருந்துதான், சேர்த்துக் கொடுக்காதே என்றார். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பொருளின் பெயரைப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அது தெரிய வேண்டும். கரிம வேதியியலில் நான் மனப்பாடம் செய்யத் திணறும் பெயர்கள் அந்த வகைப் பெயர்கள்தான்."

முடிவு 2.75 ஆனாலும் இந்தத் தாள் பொய்யாகவில்லை. நன்னியின் மாத்திரைப் பெட்டி அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். "மருந்தாளராக வேண்டும்" என்பது பல வருடத் தொலைவில் உள்ள ஆசை. கடைசி வரியோ இன்று இரவு திறக்க வேண்டிய பாடத்தை அந்த ஆசையோடு கட்டிவிடுகிறது. அந்த முடிச்சு இல்லாத தாள், படித்ததும் கண்ணீரை வரவழைக்கலாம். புத்தகத்தைத் திறக்க வைக்காது.

இதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. அமெரிக்காவில் ஹல்லமன், ஹராக்கீவிச் என்ற இரு உளவியலாளர்கள் 262 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அறிவியல் பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பகுதியினரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பாடத்தைச் சுருக்கி மட்டும் எழுதினார்கள். தொடர்பை எழுதியவர்களில், "நமக்கு இது வராது" என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கே ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. முன்பே நம்பிக்கையோடு இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை.

பெற்றோர்கள் அறிய வேண்டிய பாடம் அடுத்த ஆய்வில் இருக்கிறது. 2015இல் கானிங்கும் அதே ஹராக்கீவிச்சும் கண்டது இது: நம்பிக்கை குறைந்த மாணவரிடம் "இது உனக்கு ரொம்பப் பயன்படும்" என்று மற்றவர் சொல்வது சில சமயம் எதிராகவே வேலை செய்கிறது. அதையே அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்து எழுதினால் உதவுகிறது. ஆகவே அத்தாமார்களே, அம்மாமார்களே, அந்தத் தாளை நாம் சொல்லிக்கொடுத்து எழுத வைக்க வேண்டாம். எடுத்துப் படிக்கவும் வேண்டாம். "எழுதினியே, மறந்துட்டியா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அது அவள் தாளாக இருக்காது, நம் தாளாகிவிடும். நிய்யத் அவரவர் உள்ளத்தில் வைப்பது என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

தாளின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஜெர்மனியின் உளவியலாளர் கோல்விட்சர் பல காலம் ஆராய்ந்த விஷயம் அது: "இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தவர்கள், வெறுமனே "செய்வேன்" என்றவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். நம் மாணவி எழுதுவது: "உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் புத்தகம் திறக்கவில்லை என்றால், பழைய வினாத்தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுவேன். அதற்குப் பிறகு எழுந்து போகலாம்." வேலை சிறியதாக இருக்க வேண்டும். சோர்ந்த இரவில் "மூன்று மணி நேரம் படிப்பேன்" என்ற வரியைப் பார்த்தால் தாளை மடித்து வைத்துவிடுவாள்.

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டாமல் கோப்பின் உள்ளே மடித்து வைப்பது நல்லது. தினமும் கண்ணில் பட்டால் நாள்காட்டிப் படம்போல் ஆகிவிடும், விருந்தாளியும் வாசிப்பார். ஒவ்வொரு பருவ முடிவுக்குப் பிறகும் தேதியிட்டுப் புதிதாக எழுதட்டும். பழைய காரணம் மாறியிருந்தால் மாறியதையே எழுதட்டும்.

இந்தத் தாளால் ஆகாதவையும் உண்டு. மூன்று நாள் தாளைப் படித்தும் அதே அத்தியாயத்தில் அதே இடத்தில் நின்றால், குறை ஊக்கத்தில் இல்லை, பாடம் புரியவில்லை. அன்று போக வேண்டியது ஆசிரியரிடம். தாளின் இரண்டாம் வரியிலேயே கண் சொக்கினால் தூங்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பிடித்தவை எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால், அதைச் சோம்பல் என்று திட்டாமல் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பிள்ளையை அழைத்துப் போக வேண்டியது நம் கடமை.

மாணவச் செல்வங்களே, இந்த வாரம் மனம் நன்றாக இருக்கிற ஒரு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஆள், ஒரு சம்பவம், அதோடு கட்டிய ஒரு பாடம், சோர்வு வந்தால் செய்யப்போகும் ஒரு சிறு வேலை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யாரிடமும் காட்ட வேண்டாம், எங்களிடமும் சேர்த்துத்தான்.