தீபாவளித் துணி: தைப்பதா, ஆயத்த ஆடை வாங்குவதா?



தீபாவளிக்குப் புத்தாடை எடுக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரே துன்பம் திரும்ப வருகிறது. ஊக்கத்தொகை கைக்கு வருவதோ பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு. அதற்குள் தையற்கடை வாயிலில் “ஆர்டர் முடிந்தது” என்ற அட்டை தொங்கத் தொடங்கிவிடும். துணியை வாங்கிக்கொண்டு கடை கடையாக அலைந்து, முகமறியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, பண்டிகைக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் பெற்றுவந்து உடுத்திப் பார்த்தால் கை தூக்க முடியாது. அந்நேரத்தில் பிரித்துத் தைத்துத் தர எவரும் இரார். இத்துன்பத்திற்கு விலையோ தையற்காரரின் திறமையோ முதற்காரணம் அன்று. எந்த ஆடையைத் தைக்கக் கொடுப்பது, எதனை ஆயத்தமாக வாங்குவது என்று காலத்தே பிரித்துப் பார்க்காமையே காரணம்.

வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எழுபது வயதுப் பாட்டி, குடும்பத் தலைவர், அவர் மனைவி, பதினைந்து வயது மகன், எட்டு வயது மகள் என ஐவர். ஐவருக்கும் தைப்பது என்றால் தையற்காரருக்கும் சுமை, பணப்பைக்கும் சுமை. ஐவருக்கும் ஆயத்த ஆடை என்றால் இருவருக்கேனும் பொருந்தாது.

முதலில் மகனைப் பார்ப்போம், அவன் செய்தி எளிது. அவனுக்கு ஆயத்த ஆடையே தக்கது. பதினைந்து வயதில் தீபாவளிக்குத் தைத்த சட்டை, சித்திரைக்குள் மணிக்கட்டை விட்டு ஏறிவிடும். தையற்கூலி கொடுத்துப் பெற்ற பொருத்தம் ஆறு திங்கள்தான் பயன் தரும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். கடையில் காற்சட்டையின் நீளத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள், மிகுதியை வெட்டிவிடுவார்கள். வெட்ட வேண்டா, இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்துத் தருமாறு கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு அம்மடிப்பைப் பிரித்துவிடலாம்.

குடும்பத் தலைவரின் நிலை வேறு. அவருக்கு வயிறு சற்றுப் பெரியது, தோள் குறுகியது. ஆயத்தச் சட்டையின் கழுத்துப்பட்டியில் 40, 42, 44 என்று எண் இருக்கும். அந்த எண் மார்பளவைக் கொண்டே அமைகிறது. தோளும் கையும் அதற்கேற்ப ஒரே விகிதத்தில் பெரிதாகின்றன. வயிற்றுக்காக 44 எடுத்தால் தோள் தையல் கைப்பக்கம் சரிந்து விழும். தோளுக்காக 40 எடுத்தால் நடுப் பொத்தான்கள் விரிந்து நிற்கும். இடுப்பைக் குறைப்பதும் நீளத்தைக் குறைப்பதும் எளிய திருத்தங்கள். தோளைத் திருத்துவது எளிதன்று. கையைக் கழற்றி, கைக்குழியை மீண்டும் வெட்டி, திரும்பப் பொருத்த வேண்டும். ஆதலால் ஆயத்தச் சட்டை வாங்குவோர் தோளை முதலிற் பார்க்க வேண்டும். தையல் தோள் எலும்பின் முனையில் வந்து நிற்கிறதா, இரு கைகளையும் முன்னே நீட்டினால் முதுகு இழுக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவை.

கூலிக் கணக்கையும் இங்கே போட்டுப் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; இவை எடுத்துக்காட்டு மட்டுமே. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் வேண்டும். மீட்டர் 400 ரூபாய் என்றால் துணி 640 ரூபாய், கூலி 400 ரூபாய், ஆக 1,040 ரூபாய். ஆயத்தச் சட்டை 900 ரூபாய். தோளைத் திருத்த 150 ரூபாய். ஆக 1,050 ரூபாய். விலையில் வேறுபாடு இல்லை, பொருத்தத்திலோ மிகுதி. உடல் வழக்கமான விகிதத்தில் அமைந்தவருக்கு அந்த 150 ரூபாய் தேவைப்படாது. அவர் ஆயத்தச் சட்டையே வாங்கலாம்.

இனி ரவிக்கை. இதைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். மற்ற எந்த ஆடையும் இதைப்போல் உடலோடு ஒட்டியதன்று. மார்பு, மேல்மார்பு, இடை, தோள், கைக்குழி, கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என எட்டு அளவுகளேனும் ஒருங்கே பொருந்த வேண்டும். ஆயத்த ரவிக்கை மார்பளவு ஒன்றையே கேட்கிறது. மற்ற ஏழையும் நிறுவனத்தார் ஊகித்துக்கொள்கின்றனர். இழுபடும் துணியில் வரும் ஆயத்த ரவிக்கைகள் பலருக்கு நன்றாக அமைகின்றன. அன்றாடப் பயனுக்கு அவை தாழ்வல்ல. ஆனால் புடவையோடு வரும் ரவிக்கைத் துணியை வீணாக்கிவிட்டு, நிறம் சற்றே மாறுபட்ட ஒன்றைத் தேடி அலைவது இரட்டைச் செலவு. ஆகவே மனைவிக்கும் பாட்டிக்கும் ரவிக்கை தைப்பதே சரி.

தைக்கக் கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. உட்துணியை, அதாவது லைனிங்கை, ஓரிரவு நீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தித் தேய்த்துக் கொடுக்க வேண்டும். புதிய பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்கு மூன்று சுருங்கினாலும் 14 அங்குல நீளமுள்ள ரவிக்கையில் அது ஏறத்தாழ அரை அங்குலம். மேல்துணி சுருங்காது நிற்க, உட்துணி மட்டும் சுருங்கினால் தையலோரம் எங்கும் துணி பொம்மிக்கொள்ளும். தைத்தவர் கைக்குற்றம் என்று பலர் சினப்பது பெரும்பாலும் இதைக் கண்டுதான். மேல்துணியும் பருத்தியானால் அதையும் நனைத்தே கொடுக்க வேண்டும். பட்டுப்புழுவை எண்ணிப் பட்டை விலக்கிய இல்லங்களில் பருத்தியே பண்டிகை உடை. அவர்களுக்கு இச்செய்தி இன்னும் வேண்டியது. சாயம் கசியுமா என்பதை மட்டும் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துக்கொள்க.

அடுத்தது அளவு ரவிக்கை. தையற்காரர் பலர் நாடாவைக் காட்டிலும் பழைய ரவிக்கையையே விரும்புவர்; அதில் தவறில்லை. ஆனால் நாம் கொடுப்பது எது? பெட்டியின் அடியிற் கிடந்த, மூன்றாண்டுக்கு முன் தைத்த ஒன்று. அதற்குப் பின் உடல் மாறியிருக்கும். அந்த ரவிக்கையும் இருமுறை பிரித்துவிடப்பட்டிருக்கும். இன்று உடுத்தி, கை தூக்கி, உட்கார்ந்து பார்த்து நன்றாக இருக்கும் ஒன்றையே கொடுக்க வேண்டும். மாற்றம் வேண்டுமெனில் வாய்மொழியாகச் சொல்லாமல், “கைச்சுற்று அரை அங்குலம் கூட்டுக” என்று சீட்டில் எழுதி அதிலேயே குத்திவைக்க வேண்டும். பண்டிகை நெருக்கடியில் அளவெடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் வேறொருவர். கொக்கி கட்டுவதும் ஓரம் மடித்துத் தைப்பதும் வீட்டிலிருந்து கூலிக்குச் செய்யும் பெண்மணி ஒருவர். காதில் விழுந்த சொல் இத்தனை கைகளைக் கடந்து போவதில்லை.

பாட்டியின் ரவிக்கைக்கு ஒரு தனிக்குறிப்பு. தோள் வலியுள்ள முதியவர்க்குக் கையைப் பின்னே கொண்டுபோவது கடினம். எனவே முன்புறம் திறப்பு, சிறு கொக்கிகளுக்கு மாற்றாகப் பெரிய அழுத்துப் பொத்தான், கைக்குழியில் ஓரங்குலத் தளர்ச்சி ஆகியவற்றைச் சொல்லித் தைக்க வேண்டும். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த ஆயத்த ரவிக்கை கடையிற் கிடைப்பது அரிது.

எட்டு வயது மகளுக்குப் பாவாடை சட்டை. கடைகளில் ஆயத்தப் பாவாடைகள் அழகாகத் தொங்குகின்றன. விலையும் குறைவாகத் தோன்றும். அவற்றை வாங்குவோர் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடுப்புத் தையலுக்கு அப்பால் கால் அங்குலத் துணியே இருந்தால் அது ஓராண்டு ஆடை. நம் பாட்டிமார் பாவாடையில் டக்குப் பிடித்தது அழகுக்காக மட்டும் அன்று. ஓரங்குல ஆழமுள்ள ஒரு டக்கு இரண்டு அங்குலத் துணியை ஒளித்து வைக்கிறது. இரண்டு டக்குகளில் நான்கு அங்குலம். அவ்வயதில் பெண்குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறது. அதில் இடுப்புக்குக் கீழே சேர்வது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம். ஆக இரண்டு டக்குகள் மூன்று ஆண்டுகளுக்குப் போதும். முன்னதாகக் குட்டையாவது மேற்சட்டைதான். அதைப் பாவாடையோடு சேர்த்துத் தைக்காமல் தனியே தைத்தால், அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்த நன்மைக்கு ஒரு வரம்பு உண்டு: வெளுக்கும் சாயமானால், டக்கைப் பிரித்த இடத்தில் பளிச்சென்ற கோடு தெரியும். சாயம் உறுதியில்லாத துணிக்கு டக்கால் பயனில்லை. அத்தகைய துணியில் ஆயத்தப் பாவாடையே வாங்கிவிடலாம்.

ஆக, இக்குடும்பத்தில் தைக்கக் கொடுப்பவை நான்கு: இரண்டு ரவிக்கைகள், ஒரு சட்டை, ஒரு பாவாடை சட்டை. இந்நான்குக்கும் காலத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பு எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். திருத்தத்திற்கு ஒரு வாரம் விட வேண்டும். தையற்காரர்க்கு மூன்று வாரம். துணி வாங்கி நனைத்து உலர்த்த மூன்று நாள். கூட்டினால் முப்பத்தாறு நாள். தையற்காரர் சொல்லும் நாளைத் தீபாவளிக்கு முந்தைய நாளாக ஒருபோதும் ஏற்கலாகாது. “வீட்டில் ஒரு விழா, பன்னிரண்டு நாள் முன்னதாகவே வேண்டும்” என்று ஒரு நாளைக் குறித்துச் சீட்டில் எழுதி வாங்குவது நலம். (விழா இல்லையே என்று தயங்குவோர் “பன்னிரண்டு நாள் முன்னதாக” என்பதை மட்டும் சொல்லலாம், வாய்மைக்கும் ஊறில்லை.)

ஊக்கத்தொகை அதற்குள் வராதே என்பது நியாயமான கேள்வி. தைக்க வேண்டிய நான்கின் துணிக்கு மட்டும் முன்கூட்டியே பணம் ஒதுக்கினால் போதும். தையற்கூலியோ ஆடையைப் பெறும்போது கொடுப்பது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் தீபாவளித் தள்ளுபடி விற்பனை பெரும்பாலும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவது இதற்கு உதவும். மகனின் ஆயத்த ஆடைக்கு ஊக்கத்தொகை வரும்வரை காத்திருக்கலாம். முப்பத்தாறு நாளில் தொடங்க இயலாமல் இருபது நாளே எஞ்சியிருந்தால், ரவிக்கைகளை மட்டும் தைக்கக் கொடுத்துவிட்டு மற்றவற்றை ஆயத்தமாக வாங்க வேண்டும். இருபதுக்கும் குறைவானால் எதையும் புதிய கடையில் கொடுக்கலாகாது. புடவையின் ரவிக்கைத் துணியைப் பத்திரமாக வைத்துவிட்டு, இருக்கும் நல்ல ரவிக்கையோடு அதனை உடுத்திக்கொள்வதே தக்கது. பண்டிகை முடிந்த மறுவாரம் தையற்காரர் கைகள் ஓய்வாயிருக்கும். அப்போது தைத்த தையல் நேர்த்தியாகவும் இருக்கும்.

ரவிக்கை வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டியது உட்புறத்தை. பக்கத் தையலுக்கு அப்பால் ஓரங்குலம் துணி விடப்பட்டிருக்க வேண்டும். அது இருந்தால் பின்னாளில் இருபுறமும் சேர்த்து மூன்று அங்குலம் வரை விரித்துக்கொள்ளலாம். கைத்தையலிலும் அவ்வாறு விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்; உடலை விரித்துக் கையை விரிக்க முடியாவிட்டால் கைக்குழி இறுகும். மீந்த துணியைக் கேட்டு வாங்கி, அந்த ரவிக்கையோடு மடித்து வைத்துக்கொள்க. கைக்குழியின் அடியில் ஒட்டுப் போட வேண்டி வந்தால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது.