பிள்ளை சும்மா தூங்குகிறதா, வாடிக் கிடக்கிறதா?
(திருகோணமலையில் நடந்த தோட்டக் குடும்பங்களின் விடுமுறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் மலையில் இருந்து பஸ் ஏறி நேற்றுத்தான் இந்தத் துறைமுகப் பக்கம் இறங்கினோம். கம்பளிக்குள் வளர்ந்த கைக்குழந்தைகளும் நம்மோடு வந்திருக்கின்றன. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலோடு காற்றும் உடம்பை வறட்டும். பெரியவர்கள் தாகம் என்று கேட்டுக் குடிப்போம். மூன்று மாதப் பிள்ளை எப்படிக் கேட்கும்?

அழுது கேட்கும் என்று நினைக்கிறோம். உடம்பில் நீர் குறையக் குறைய அந்த அழுகையும் அடங்கிவிடுகிறது. பிள்ளை சோர்ந்து தூங்கும். தூங்குவதால் பால் குடிக்காது. குடிக்காததால் இன்னும் வாடும். வீட்டில் எல்லோரும் "பயணக் களைப்பு, எழுப்பாதே" என்பார்கள்.

மூன்று மாதப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் குடித்தது. பஸ்சில் நெரிசல், அம்மாவுக்குக் கூச்சம், இரண்டு தரம்தான் கொடுக்க முடிந்தது. பத்து மணிக்கு ஒரு துணி நனைந்தது. மாலை ஐந்துக்கு மார்பில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடுகிறது. துணியைத் தொட்டால் காய்ந்திருக்கிறது. அதாவது ஏழு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை. முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் காய்ந்தே இருந்தால் அது பயணக் களைப்பு இல்லை.

பம்பர்ஸ் கட்டும் பிள்ளையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அது ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். புதியதையும் கழற்றியதையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், பாரம் தெரியும். பயணத்தில் பழந்துணிதான் நல்லது என்பது என் கருத்து. சலம் கடும் மஞ்சளாக இருந்தாலும் கவனியுங்கள்.

பிறகு பிள்ளையைத் தட்டி எழுப்புங்கள். சாதாரணமாகத் தூங்கும் பிள்ளை உடுப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தால் சிணுங்கி விழித்து, மார்பைத் தேடும். வாடிய பிள்ளை கண்ணைத் திறந்தாலும் நம்மைப் பார்க்காது, கை கால் தொய்ந்து கிடக்கும். வாய்க்குள் விரல் வைத்தால் ஒட்டும். உச்சிக்குழி பள்ளமாக இருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்பும். ஆனால் கொழுத்த பிள்ளையில் தோல் உடனே திரும்பிவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும் சின்னப் பிள்ளைக்குச் சரிவராது, முதல் வாரங்களில் எப்படியும் கண்ணீர் வராது.

பிள்ளை விழித்துக் குடிக்கிறதென்றால் நிழலில் வைத்து, கம்பளியைக் கழற்றி, அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வெயிலானாலும் பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம். பாலிலேயே பெரும்பகுதி நீர்தான். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும். மாப்பால் கொடுப்பவர்கள் பெட்டியில் உள்ள அளவை மாற்றக் கூடாது. கரண்டி கூடினால் உப்புக் கூடி இன்னும் வறட்டும்.

வயிற்றோட்டமும் இருந்தால் ஜீவனி வேண்டும். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதும் கரையுங்கள். பாதிப் பக்கற், ஒரு கோப்பை என்று கண்மதிப்பில் கலக்காதீர்கள். கரண்டியால் சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. ஆறு மாதத்துக்குக் குறைந்ததென்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், மருத்துவ மாதுவிடமோ வைத்தியரிடமோ கேட்டுக் கொடுங்கள். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், சேலைன் தீர்ந்தபோது வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் இப்படியொரு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து வாந்திபேதியில் சாவைப் பெரிதும் குறைத்தார். ஆனால் அது விழுங்கக்கூடியவர்களுக்குத்தான். எழுப்பியும் எழும்பாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கும், பால் மறுக்கும் இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. நீர் குறைந்ததாலா, இரத்தத்தில் கிருமியாலா என்று வெளியில் இருந்து பிரித்தறிய முடியாது. காய்ச்சலோ உடம்பு குளிர்வதோ இருந்தால் இன்னும் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு விஷயம் சங்கத்தின் பக்கமும் சேரும். மலைக்குத் திரும்பியதும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்துக்குப் பேர் வெட்டினால் தலைவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்காம்பராவில் பார்க்கும் அம்மாவிடமும் "எத்தனை துணி நனைந்தது?" என்று மாலையில் கேளுங்கள்.

வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை மடியில் வைத்து, குடித்தால் பால் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் நான்கு விஷயம் கேட்பார்கள்: வயது எத்தனை வாரம், கடைசியாக எப்போது நன்றாகக் குடித்தது, கடைசித் துணி எப்போது நனைந்தது, வயிற்றோட்டம் வாந்தி எத்தனை தரம். பதற்றத்தில் மறந்துபோகும், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.