வழிகாட்டி மதிப்புக்குக் கீழே கிரயம்: விற்றவருக்கும் வரி, வாங்கியவருக்கும் வரி

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சில வாரங்களுக்கு முன் இரண்டு சகோதரர்கள் ஒன்றாக நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவர் மனை விற்றவர், மற்றவர் அதை வாங்கியவர். 2025இல் கிரயம் முடிந்தது. மனைவியின் அறுவை சிகிச்சைக்காக அவசரமாகப் பணம் தேவைப்பட்டதால், முதலாமவர் தம் மனையை 30 லட்சத்துக்குக் கொடுத்தார். அரசு வழிகாட்டி மதிப்பு 40 லட்சம். முத்திரைத் தீர்வையை 40 லட்சத்துக்கே கட்டிவிட்டார்கள். அதோடு கணக்கு தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கைமாறாத அந்தப் பத்து லட்சத்துக்கு இருவருமே வரி கட்ட வேண்டும் என்றார் அவர்.

இது எப்படி என்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 50சி என்று ஒரு பிரிவு உண்டு. நிலமோ கட்டடமோ வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விற்கப்பட்டால், விற்றவர் வழிகாட்டி மதிப்பையே வாங்கியதாக வைத்து மூலதன ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறது அது. வாங்கியவருக்கு வேறொரு பிரிவு. வித்தியாசத் தொகையை அவர் பெற்ற வருமானமாகவே அது எடுத்துக்கொள்கிறது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விதி தொடர்கிறது.

ஒரு சலுகை உண்டு. வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிடப் பத்து சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் தொந்தரவு இல்லை. நம் சகோதரர்களின் கிரயம் 30 லட்சம். பத்து சதவீதம் சேர்த்தால் 33 லட்சம். வழிகாட்டி மதிப்போ 40 லட்சம். எல்லை தாண்டிவிட்டது. தாண்டிவிட்டால், 33க்கு மேலுள்ள ஏழு லட்சத்துக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். முழுப் பத்து லட்சமும் கணக்கில் வந்துவிடும்.

இனி தொகையைப் பாருங்கள். விற்றவர் 2019இல் அந்த மனையை 12 லட்சத்துக்கு வாங்கியிருந்தார். உண்மையில் அவருக்குக் கிடைத்த ஆதாயம் 18 லட்சம். சட்டப்படி 40இல் 12 போக 28 லட்சம். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். பத்து லட்சம் கூடியதால் மட்டும் அவருக்கு 1,30,000 ரூபாய் அதிகம்.

வாங்கியவர் சிறு கடை வைத்திருப்பவர். ஆண்டு வருமானம் 9 லட்சம். 2025-26இன் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், அவர் ஒரு ரூபாயும் வரி கட்ட வேண்டியதில்லை. பத்து லட்சம் சேர்ந்ததும் வருமானம் 19 லட்சம் ஆகிறது, தள்ளுபடியும் போகிறது. செஸ் உட்பட 1,87,200 ரூபாய் கட்ட வேண்டும். அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. பின்னாளில் அதே மனையை விற்கும்போது, அவர் வாங்கிய விலை 30 அல்ல, 40 லட்சம் என்றே கணக்காகும்.

'துறைக்கு எப்படித் தெரியும்?' என்று அவர் கேட்டார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் மதிப்புள்ள கிரயங்களைச் சார்பதிவாளர் அலுவலகமே வருமான வரித் துறைக்கு அறிக்கை செய்கிறது. நம் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது வந்து நிற்கும்.

சரி, வழி என்ன? இரண்டு வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒப்பந்தத் தேதி. விலை பேசி ஒப்பந்தம் எழுதிய பிறகு, கிரயம் பதிவதற்குள் வழிகாட்டி மதிப்பு உயர்ந்துவிடுவது உண்டு. அப்போது ஒப்பந்த நாளின் மதிப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் விலை குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். முன்பணம் அன்றைக்கோ அதற்கு முன்போ வங்கி வழியாக, அதாவது அக்கவுண்ட் பேயி காசோலை, டிராப்ட் அல்லது மின்னணுப் பரிமாற்றமாகப் போயிருக்க வேண்டும். 'அட்வான்ஸ் கையில் கொடுத்தேன்' என்றால் இந்தச் சலுகை கிடையாது. அதுமட்டுமல்ல, சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே தடை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம்.

இரண்டாவது, மதிப்பீட்டு அலுவலர். வழிகாட்டி மதிப்பு உண்மையான சந்தை மதிப்பைவிட அதிகம் என்று வரி அதிகாரியிடம் நாம் கோரலாம். முத்திரைத் தீர்வைக்கான மதிப்பை எதிர்த்து வேறெங்கும் மேல்முறையீடு செய்திருக்கக் கூடாது. அதிகாரி விஷயத்தைத் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பலாம். அவர் 34 லட்சம் என்று நிர்ணயித்தால், விற்றவரின் கணக்கு 34 லட்சத்தில் நிற்கும், வாங்கியவருக்குச் சேரும் தொகை நான்கு லட்சமாகக் குறையும். அவர் 45 என்று சொன்னாலும் 40க்கு மேல் போகாது. விற்றவரும் வாங்கியவரும் தனித்தனியாகத்தான் கோர வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மதிப்பீட்டு அலுவலர் பார்ப்பது மனையை, நம் கஷ்டத்தை அல்ல. 'ஆஸ்பத்திரிச் செலவு, அதனால் குறைத்தேன்' என்பது அங்கே எடுபடாது. வழிகாட்டி மதிப்பு தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ பொதுவாக வைக்கப்படுவது. முகப்பில் இருக்கும் மனைக்கும் உள்ளே குறுகிய சந்தில் இருக்கும் மனைக்கும் ஒரே மதிப்பாக இருக்கலாம். பாதை குறுகல், மழைநீர் தேங்கும் பள்ளம், ஆக்கிரமிப்பு, வழக்கு போன்ற குறைகள்தான் அங்கே பேசும். நம் சகோதரரின் மனையும் சந்துக்குள், பள்ளத்தில் இருப்பதுதான். ஆனால் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. இப்போது பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை வைத்து அறிக்கை தயாரிக்கச் சொல்லியிருக்கிறோம். கிரயத்துக்கு முன்பே செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியாக, உறவுக்குள் விற்பது. 'சொந்தக்காரர்தானே, வரி வராது' என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. சட்டம் வாங்குபவரின் பக்கமிருந்து உறவைப் பார்க்கிறது. சாச்சாவிடமிருந்து அண்ணன் மகன் வாங்கினால் அந்தப் பிள்ளைக்கு வரி இல்லை. அண்ணன் மகனிடமிருந்து சாச்சா வாங்கினால் அவருக்கு விலக்கு கிடையாது. சாச்சா பிள்ளைகளும் மாமி பிள்ளைகளும் தங்களுக்குள் உறவினர் பட்டியலில் வரவே மாட்டார்கள். விற்பவருக்கோ எந்த உறவிலும் விலக்கு இல்லை. தம்பிக்கு விற்றாலும் இந்த விதி பாயும்.

ஆகவே பணம் வாங்காமல் உண்மையிலேயே கொடுப்பதாக இருந்தால், பேருக்கு ஒரு விலை போட்டுக் கிரயம் எழுதாதீர்கள். ஹிபாவாகவே கொடுங்கள், அதற்குரிய செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதியுங்கள். அன்பளிப்பில் கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஹிபா என்று எழுதுவதும், வாங்காத தொகையை வாங்கியதாக எழுதுவதும் பொய்ப் பத்திரம். அதற்கு நாம் துணை நிற்க மாட்டோம்.

மனை பேசுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வழிகாட்டி மதிப்பை எடுத்து, அதை 1.1ஆல் வகுத்துப் பாருங்கள். 40 லட்சத்துக்கு அது ஏறக்குறைய 36 லட்சத்து 37 ஆயிரம். பேசும் விலை அதற்குக் கீழே இருந்தால், வரும் வரியையும் சேர்த்தே விலையைப் பேசுங்கள். மனையின் குறைகளைப் பத்திரத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன் ஒப்பந்த நகலோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். ஆடிட்டரிடம் அழைத்துச் செல்கிறோம்.