தேவாரப் பாடல்களுக்கு ஓர் அடைவு: கடவுள், விழா, பண், பொருள்



திருமுறை ஓதும் போட்டிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த மாணவி ஒருவர் எங்களிடம் ஒரு வினாவை எழுப்பினார். "தைப்பூசத்தைப் பற்றித் தேவாரத்தில் பாடல் இருக்கிறதா?" என்பதே அவ்வினா. அப்போது நாங்கள் தேவாரத்துக்கு ஓர் அடைவு செய்து முடித்திருந்தோம். கடவுள், விழா, பண், பொருள் என்ற நான்கு தலைப்புகளில் குறிச்சொற்கள் இட்டிருந்தோம். அடைவைப் பார்த்தோம், தைப்பூசம் என்ற சொல்லின்கீழ் ஒன்றும் இல்லை. "இல்லை" என்று விடை சொல்லி அனுப்பினோம். அந்த விடை பிழையானது. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, அதைத் திருத்த அடைவை எவ்வாறு மாற்றினோம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

தேவாரம் என்பது சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய ஏறத்தாழ 800 பதிகங்களின் தொகுப்பு; பாடல்களாக எண்ணினால் 8,000க்கும் மேற்பட்டவை. இத்தொகுப்புக்கு அடைவு காணும் முயற்சி இன்று தொடங்கியதன்று. 11ஆம் நூற்றாண்டில் நம்பியாண்டார் நம்பி இதனை ஏழு திருமுறைகளாக வகுத்தார் என்பது மரபு. அவ்வகுப்பில் முதல் மூன்று திருமுறைகளும் ஏழாம் திருமுறையும் பண் அடிப்படையில் அடுக்கப்பட்டுள்ளன. இதனைப் பண்முறை என்பர். பின்னர், ஒரு கோயிலுக்குரிய பதிகங்களை ஒருசேர ஓத விரும்பியோர்க்காகத் தலமுறை என்னும் வேறோர் அடுக்கு எழுந்தது. ஒரே நூல், இரண்டு வாயில்கள். அச்சிட்ட நூலில் ஒரு நேரத்தில் ஒரு வாயிலைத்தான் திறக்க முடியும். குறிச்சொல் இட்ட அடைவிலோ எத்தனை வாயில்களையும் திறந்து வைக்கலாம்.

எங்கள் முதற்பிழை, பதிகத்தை ஓர் அலகாகக் கொண்டது. ஒவ்வொரு பதிகத்துக்கும் ஒரு பதிவு எழுதினோம். அச்சு நூலில் பதிகத்தின் தலைப்பில் உள்ள தலப்பெயரையும் பண்ணையும் எடுத்துக்கொண்டு, முதற்பாடலைப் படித்துப் பிற குறிச்சொற்களை இட்டோம். இரண்டாம் திருமுறையின் 47ஆம் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் அது. தலைப்பைப் பார்த்தால் தலமும் பண்ணும் தெரியும், விழா தெரியாது. ஆனால் உள்ளே சென்று படித்தால், மயிலையின் ஓராண்டு விழாக்கள் வரிசையாக வருகின்றன. இரண்டாம் பாடலில் ஐப்பசி ஓணம், மூன்றாம் பாடலில் கார்த்திகை விளக்கீடு, நான்காம் பாடலில் ஆதிரை, ஐந்தாம் பாடலில் தைப்பூசம், ஆறாம் பாடலில் மாசிக் கடலாட்டு, ஏழாம் பாடலில் பங்குனி உத்திரம். நெய் சேர்ந்த சோற்றோடு மகளிர் கொண்டாடும் விழாவாகத் தைப்பூசம் அங்கே காட்டப்படுகிறது. மாணவி கேட்டது இதைத்தான். அது எங்கள் கையிலேயே இருந்தும் எங்கள் அடைவில் இல்லாமற் போயிற்று.

ஆகவே அலகை மாற்றினோம். தலமும் பண்ணும் பதிகம் முழுமைக்கும் பொதுவானவை. அவற்றைப் பதிக நிலையிலேயே வைத்தோம். விழாவும் பொருளும் பாடலுக்குப் பாடல் மாறுபவை. அவற்றைப் பாடல் நிலைக்கு இறக்கினோம். ஒவ்வொரு பாடலுக்கும் திருமுறை எண், பதிக எண், பாடல் எண் என மூன்றும் சேர்ந்த முகவரி கொடுத்தோம். தைப்பூசப் பாடலின் பதிவு இப்போது இவ்வாறு இருக்கிறது:

எண்: 2.47.5
பாடியவர்: திருஞானசம்பந்தர்
இறைவன்: சிவபெருமான்
தலம்: மயிலாப்பூர்
பண்: சீகாமரம்
விழா: தைப்பூசம் (குறிப்பு)

இறுதியில் உள்ள "குறிப்பு" என்ற சொல்லுக்கு ஒரு காரணம் உண்டு. நான்காம் திருமுறையின் 21ஆம் பதிகம் அப்பர் திருவாரூரில் பாடிய திருவாதிரைத் திருப்பதிகம். அங்கே பதிகம் முழுவதும் ஆதிரைநாள் விழாவே பாடுபொருள். பூம்பாவைப் பதிகத்திலோ ஆதிரை ஒரு பாடலில் மட்டும் வந்து செல்கிறது. இரண்டுக்கும் ஒரே குறிச்சொல்லை ஒரே நிலையில் இட்டால், திருவாதிரை பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்க்கு எது முதன்மையானது என்று தெரியாது. ஆதலால் "பாடுபொருள்", "குறிப்பு" என இரு நிலைகளாகப் பிரித்தோம்.

விழாப் பெயர்களில் இன்னொரு தடையும் உண்டு. இடைமருதூர்ப் பதிகங்களில் சம்பந்தரும் அப்பரும் இவ்விழாவைப் "பூசம்" என்றும் குறிக்கின்றனர். அத்தகைய பாடல்களில் "தை" என்ற முன்னொட்டு இல்லை. "தைப்பூசம்" என்ற எழுத்துகளை மட்டும் கணினியில் தேடினால் அவை அகப்படமாட்டா. அதேபோல் ஆதிரை, ஆர்திரை, திருவாதிரை, ஆருத்திரா தரிசனம் ஆகிய நான்கும் ஒரே விழாவுக்குரிய பெயர்கள். எனவே ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு தலைச்சொல்லைத் தேர்ந்து, மற்ற வடிவங்களை அதனுடன் இணைத்தோம். எந்த வடிவத்தைத் தட்டச்சு செய்தாலும் தேடல் தலைச்சொல்லுக்கே வந்து சேரும்.

இனி, கடவுள் என்னும் தலைப்பு. நம் நாடுகளில் தைப்பூசம் என்றால் பத்துமலையும், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோவில் வரை செல்லும் காவடிகளும்தாம் நினைவுக்கு வரும். அடைவு செய்வோர்க்கும் அதுவே நினைவு. எங்களுள் ஒருவர், விழா தைப்பூசம் என்றால் கடவுள் முருகன் எனத் தானாகவே பதியுமாறு படிவத்தை அமைத்திருந்தார். நேரத்தைச் சேமிக்கும் எண்ணம்தான். அவ்வாறே விட்டிருந்தால், கபாலீச்சரத்துச் சிவபெருமானைப் பாடிய பாடல் முருகன் பாடலாகப் பதிவாகியிருக்கும். ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்பை ஊகித்து நிரப்பக்கூடாது என்ற விதி அன்று எழுதப்பட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாடலின் சொல்லிலேயே சான்று இருக்க வேண்டும். இல்லையேல் கட்டம் வெறுமையாக இருக்கட்டும்.

தேவாரத்துக்குள் மட்டும் நின்றால் "சிவபெருமான்" என்ற குறிச்சொல் எதையும் பிரித்துக் காட்டாது. எல்லாப் பதிகமும் அதன்கீழ் வந்துவிடும். அங்கே பிரித்துக் காட்டும் வேலையைத் தலமே செய்கிறது. தலப்பெயரிலும் கவனம் வேண்டும். சீகாழிக்குப் பன்னிரண்டு பெயர்கள். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், கழுமலம் என்று வெவ்வேறு பெயர்களில் சம்பந்தர் தம் ஊரைப் பாடியுள்ளார். அவ்வூருக்கு அவர் பாடிய பதிகங்கள் 60க்கும் மேற்பட்டவை. அச்சு நூல்கள் அவற்றைப் பாடலில் வரும் பெயராலேயே தலைப்பிடுகின்றன. சீகாழி என்று தேடும் மாணவர்க்கு அவற்றுள் ஒரு சிறு பகுதியே கிடைக்கும். கிடைத்தது சிறுபகுதி என்பதும் அவருக்குத் தெரியாது. விழாப் பெயர்களுக்குச் செய்த இணைப்பையே இங்கும் செய்தோம். பாடலில் உள்ள பெயரையும் அழிக்காமல் தனியே காத்தோம்.

மூன்றாவது பண். இன்றைய மாணவர்க்கு இராகப் பெயரே பழக்கமானது என்பதால், பண்ணை நீக்கிவிட்டு இராகத்தை மட்டும் எழுதலாம் என்று முதலில் எண்ணினோம். ஓதுவார் மரபில் சீகாமரம் நாதநாமக்கிரியையாகப் பாடப்படுகிறது. அதுவரை இடர் இல்லை. ஆனால் கொல்லி, கொல்லிக்கௌவாணம், காந்தாரம், பியந்தைக்காந்தாரம் ஆகிய நான்கு பண்களும் இன்று நவரோசு என்னும் ஒரே இராகத்தில் பாடப்படுகின்றன. பண்ணை நீக்கி நவரோசு என்று எழுதிவிட்டால், அந்தப் பதிகம் நான்கில் எந்தப் பண்ணுக்குரியது என்பதைப் பின்னர் மீட்க இயலாது. பண் நூலில் உள்ள செய்தி; இராகம் பாடுவோரின் வழக்கு. எனவே பண்ணைப் பதிகத்தின் பதிவிலும், இராகத்தை ஒவ்வோர் ஒலிப்பதிவின் பதிவிலும் வைத்தோம். ஒரே பதிகத்தை இருவர் வெவ்வேறு இராகங்களில் பாடியிருந்தால், இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். ஐந்தாம் திருமுறைக்குரிய குறுந்தொகையும் ஆறாம் திருமுறைக்குரிய தாண்டகமும் யாப்பின் பெயர்கள். அவற்றைப் பண் கட்டத்தில் எழுதாமல் யாப்பு என்ற தனிக் கட்டத்தில் எழுதினோம்.

நான்காவதாகிய பொருள்தான் மிகக் கடினம். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாடலில் திருமாலும் அயனும் அடிமுடி தேடுவர். "இராவணன்" என்ற குறிச்சொல்லைப் பாடல்தோறும் இட்டோம். தேடியபோது நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்து குவிந்தன. பிழை என்று சொல்ல முடியாது. பயன் என்றும் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் வருவது அப்புலவரின் பதிக அமைப்பு. அதனை அடைவின் முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிட்டு, குறிச்சொல்லை எடுத்துவிட்டோம். மாறாக, இரண்டாம் திருமுறையின் 66ஆம் பதிகமாகிய திருநீற்றுப் பதிகத்துக்குத் "திருநீறு" என்ற பொருள் முழுமையாகப் பொருந்துகிறது.

பூம்பாவை உயிர்பெற்றெழுந்த வரலாற்றையும் எங்கே வைப்பது என்று தயங்கினோம். அவ்வரலாற்றை விரித்துரைப்பது பெரியபுராணம். ஆகவே அதனைப் பொருள் என்ற கட்டத்தில் எழுதாமல், "வரலாறு: பெரியபுராணம்" என மூலத்தோடு தனியே எழுதினோம். பாடல் சொல்வதையும் பாடலைப் பற்றிப் பிற்காலத்து நூல் சொல்வதையும் மாணவர் பிரித்தறிய அது உதவும்.

அடைவு சரியாக உள்ளதா என்று அறிய நாங்கள் கைக்கொண்ட வழி எளியது. இருவர் ஒரே பதிகங்களை ஒருவர் பதிவை மற்றவர் பாராமல் குறித்துப் பின் ஒப்பிடுவர். தலத்திலும் பண்ணிலும் வேறுபாடு வந்தால் அது கைப்பிழை. பொருளில் வேறுபாடு வந்தால், பெரும்பாலும் அந்தக் குறிச்சொல்லின் வரையறை தெளிவாக இல்லை என்று பொருள். ஒருவர் "வேண்டுதல்" என்று எழுதியதை மற்றவர் "அடைக்கலம்" என்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் இரண்டு வரியில் வரையறை எழுதிய பின்னரே மேலே சென்றோம்.

அம்மாணவிக்குப் பின்னர் 2.47.5 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தோம். போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. அவர் அதைப் பெற்றுக்கொண்டு, "அப்படியானால் மாசி மகத்துக்கு?" என்று கேட்டார். அடுத்த பாடலைக் காட்டினோம். அங்கே இருப்பது மாசிக் கடலாட்டு. இரண்டும் ஒரு விழாவா என்று அவர் வினவினார். அவ்விணைப்புக்கு உரிய சான்றை இன்னும் எழுதவில்லை. எனவே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறோம்.