வேணும், வேணாம்: வாட்ஸ்அப்பில் பேசித் தமிழ் எழுதும்போது

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் எங்கள் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எங்கள் குழுவில் நடந்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறோம். மேலூர்ப் பக்கம் ஒரு நன்னிக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தோம். எங்கள் தம்பி ஒருவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த வீட்டு மருமகளுக்குச் செய்தி அனுப்பினார். தட்டிக்கொண்டிருக்க நேரமில்லாமல், மைக்கைத் தொட்டு வாயால் சொல்லியே எழுதினார். அவர் சொன்னது இது: "நன்னிக்கு நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பிளட் டெஸ்ட். மேலூர்லயே எடுக்குறாங்க. வெறும் வயித்தோட வரணும். சுகர் மாத்திரை போட வேணாம். பழைய ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க."

போய்ச் சேர்ந்தது இது: "நன்றிக்கு நாளைக்கு காலைல 7 மணிக்கு blood test வேலூர்லயே எடுக்குறாங்க வெறும் வயித்தோட வரணும் சுகர் மாத்திரை போட வேணும் பழைய report எடுத்துட்டு வாங்க"

அந்த மருமகள் "நன்றிக்கு" என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வேலூர்" என்றதும் பதறிப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, "மாத்திரையைப் போட்டுட்டுத்தானே கூட்டிட்டு வரணும்?" என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால், சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை அளவு இறங்கி மயக்கமே வரலாம். நன்னிக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். சிரிப்பு மூட்டிய இரண்டு பிழைகள்தான் சிரிப்பு மூட்டாத மூன்றாவது பிழையைக் காட்டிக்கொடுத்தன. அவை இல்லையென்றால் அந்தச் செய்தி ஒரு குறையும் இல்லாத செய்தியாகவே போயிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கையால் தட்டும்போது வரும் பிழை எழுத்துப் பிழை. "மாத்தரை" என்று இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேசி எழுதும்போது எழுத்துப் பிழை அநேகமாக வராது. மைக் தனக்குத் தெரிந்த சொற்களிலிருந்துதான் ஒன்றை எடுத்துப் போடுகிறது. அதனால் தப்பான சொல்லும் சுத்தமான எழுத்தோடு வந்து நிற்கிறது.

எந்தச் சொல்லை எடுத்துப் போடும்? நம் ஒலிக்கு ஏறக்குறையப் பொருந்துகிற சொற்களில், அது அதிகமாகப் பார்த்துப் பழகிய சொல்லை. கூகுள் 2017 ஆகஸ்டில்தான் தமிழையும் உருதுவையும் வேறு சில இந்திய மொழிகளையும் குரல்வழி எழுத்தில் சேர்த்தது. அது பழகியதெல்லாம் பொதுவாக எல்லோரும் எழுதுகிற, பேசுகிற தமிழ். நம் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற "நன்னி" அதில் அபூர்வம். "நன்றி" எங்கும் உண்டு. மேலூரைவிட வேலூர் ஊரறிந்த பெயர். "அத்தா" என்று தகப்பனைச் சொன்னால் "அத்தை" என்றோ "ஆத்தா" என்றோ வந்து நிற்பதை நாங்கள் பல முறை பார்த்திருக்கிறோம். "அத்தைக்கு ஆபரேஷன்" என்று செய்தி போனால் வேறொரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும்.

"வேணும், வேணாம்" கதை வேறு. இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும், அந்த ஒலி கரைந்துவிடும். "வேண்டும், வேண்டாம்" என்று இலக்கணமாகச் சொன்னாலும் அதே ஆபத்துதான். எனவே இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். செய்யக்கூடாததைச் சொல்லும்போது "வேணாம்" என்ற சொல்லையே விட்டுவிடுகிறோம். "மாத்திரை போடக்கூடாது" என்று சொல்கிறோம். "போடக்கூடாது" என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கிற எதிர்ச்சொல் எதுவும் இல்லை. அதே மாதிரி "ஏழரை" என்பதற்குப் பதில் "ஏழு முப்பது" என்கிறோம். "மேலூர்" என்று தனியாகச் சொல்லாமல் "மதுரை மேலூர்" என்கிறோம். முன்னால் மதுரை நின்றால் மேலூரைச் சரியாகப் பிடிக்கிற வாய்ப்பு கூடுகிறது.

சரி, இனி செய்முறை. பலருக்கு முதல் படியிலேயே சிக்கல். வாட்ஸ்அப்பில் எழுதும் பெட்டிக்கு வலது பக்கம் ஒரு மைக் இருக்கிறது. அதை அழுத்தினால் நம் குரல்தான் பதிவாகும், எழுத்து வராது. எழுத்தாக வேண்டும் என்றால் பெட்டியைத் தொட்டு, கீழே கீபோர்டு வந்தபின், அந்தக் கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கிற சின்ன மைக்கைத் தொட வேண்டும். குரலாகவே அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் வார்டில் இருப்பவர் சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது. நாளைக்கு மணியை மறந்துவிட்டால் குரலுக்குள் தேடி எடுக்கவும் முடியாது.

இரண்டாவது சிக்கல், தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் ஏதோ உளறலாக வருவது. போன் கெட்டுப்போகவில்லை. கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கூகுளின் Gboard கீபோர்டில் ஸ்பேஸ் கட்டையைப் பாருங்கள். அதில் "English" என்று இருந்தால் மைக்கும் ஆங்கிலமாகத்தான் கேட்கும். ஸ்பேஸ் கட்டையை அழுத்திப் பிடித்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் தமிழே இல்லையென்றால் Gboard அமைப்புக்குள் Languages, அதில் Add keyboard, பிறகு Tamil (India). ஒரு முறை சேர்த்துவிட்டால் போதும்.

பேசும்போது சொற்கள் கண்முன்னே மாறிக்கொண்டே இருக்கும். முதலில் "நாளை" என்று வந்தது, அடுத்த சொல் சேர்ந்ததும் வேறாக மாறும். பின்னால் வருவதைக் கேட்டு முன்னால் எழுதியதை அது திருத்துகிறது. ஆகவே நடுவில் கை வைக்காமல் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, எழுத்து நிலைத்தபின் பாருங்கள். ரொம்ப யோசித்து நிறுத்தினால் மைக் தானாக அணைந்துவிடும். சொல்லப்போவதை முதலில் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. முற்றுப்புள்ளியைக் கையால் வையுங்கள். மேலே பார்த்த செய்தியில் "test வேலூர்லயே" என்று ஒட்டி ஓடியதற்குப் புள்ளி இல்லாததும் ஒரு காரணம்.

திருத்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒரு சொல் முழுதாக மாறிப்போயிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொல்லாதீர்கள். தனியாக "நன்னிக்கு" என்றால் மறுபடியும் "நன்றிக்கு" என்றே வரலாம். அதற்குப் பிடிமானமாகப் பக்கத்துச் சொல் இல்லை. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்து அழித்துவிட்டு, சேர்த்தே சொல்லுங்கள். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் விட்டுவிட்டுக் கையால் தட்டிவிடுங்கள். அந்தச் சொல் மைக்குக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

ஓர் எழுத்துதான் பிழை என்றால் கைதான் விரைவு. "வேணும்" என்பதை "வேணாம்" ஆக்க முழுச் சொல்லையும் அழிக்க வேண்டியதில்லை. விரலால் குத்தினால் சரியான இடத்தில் கோடு நிற்காது. ஸ்பேஸ் கட்டைமேல் விரலை வைத்து இடமும் வலமும் மெல்ல இழுங்கள், கோடு எழுத்து எழுத்தாக நகரும். "ணு"வுக்குப் பின்னால் நிறுத்தி ஒரு முறை அழித்தால் உகரம் மட்டும் போய் "ண" நிற்கும். அங்கே துணைக்காலைச் சேர்த்தால் "ணா". முடிந்தது.

ஆங்கிலச் சொற்களுக்கு வருவோம். ஒரே "ரிப்போர்ட்" ஒரு நேரம் தமிழ் எழுத்தில் வரும், இன்னொரு நேரம் ஆங்கில எழுத்தில் வரும். எங்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வாசிக்கப்போவது யார் என்று மட்டும் பாருங்கள். கல்லூரி போகிற பிள்ளைக்கு "report" என்று போனாலும் ஒன்றும் இல்லை. தமிழ் மட்டும் வாசிக்கிற நன்னிக்கு நேரடியாகப் போகிற செய்தி என்றால் அதை "ரிப்போர்ட்" என்று மாற்றுங்கள், அல்லது சொல்லும்போதே "பழைய பரிசோதனைச் சீட்டு" என்று சொல்லுங்கள். தமிழ் எழுத்திலேயே வந்தாலும் ஒரு சங்கடம் உண்டு: "பீஸ்" என்று வந்தால் அது கட்டணமா, துண்டா? "கட்டணம்" என்றால் குழப்பமே இல்லை. (நம்மை எல்லோரும் கூப்பிடுகிற "பாய்"க்கும் படுக்கிற பாய்க்கும் எழுத்தில் வித்தியாசம் கிடையாது. அதற்கு மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.)

மருந்தின் பெயரை மட்டும் மைக்கிடம் சொல்லவே சொல்லாதீர்கள். பெயரும் போச்சு, மில்லிகிராம் அளவும் போச்சு என்று ஆகிவிடும். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

எல்லாப் பிழையையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். "அஸர்" என்பது "அசர்" என்று வந்தாலும், "மஃரிப்" என்பது "மக்ரிப்" என்று வந்தாலும் வாசிப்பவருக்குப் புரியும், விட்டுவிடலாம். அனுப்புமுன் நாங்கள் மூன்றை மட்டும் வாய்விட்டு வாசிக்கிறோம்: செய்யச் சொன்னதா, செய்யாதே என்றதா, மணியும் தேதியும், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும். கண்ணால் மட்டும் ஓட்டினால் நாம் சொன்னதுதான் மனதில் இருக்கும், திரையில் இருப்பது தெரியாது.

அப்படியும் பிழையோடு போய்விட்டால், அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்தும் வசதியை வாட்ஸ்அப் 2023ல் கொடுத்தது. 15 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். ஆனால் திருத்தினால் அவர்கள் போனில் புதிதாக மணி அடிக்காது. முன்பே வாசித்தவர் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அதற்குள் வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி மாறவும் மாறாது. மாத்திரை, நேரம், ஊர் இவற்றில் பிழை என்றால் நாங்கள் செய்தியைத் திருத்திவிட்டு, உடனே போனும் போட்டுவிடுகிறோம்.

அந்த நன்னிக்கு மறுநாள் காலை மேலூரிலேயே ரத்தம் எடுத்தார்கள். எடுத்து முடித்து இரண்டு இட்லி சாப்பிட்டபின், கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.